போட்டோவில் வந்த கேள்வித்தாளும் -46-உம்: பைனரி, ஆக்டல், ஹெக்ஸ் கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் பதினொன்றாம் வகுப்பு, டிப்ளமோ பிள்ளைகளுக்கு மாலையில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகளால் தினமும் வந்துபோக முடியாது. கேள்வித்தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். எண் முறைகள் பாடம் நடக்கிற நாட்களில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் இருநிலை எண், எண்ம எண், பதினாறு நிலை எண் என்று எழுதுவதைப் பிள்ளைகள் பைனரி, ஆக்டல், ஹெக்ஸ் என்றே சொல்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். கூடுமானவரை ஒரே எண்ணை, -46-ஐ, வைத்துக்கொண்டு போகிறேன். ஒரு எண்ணை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டால் மற்ற எண்கள் தடுமாற வைக்காது.

மிஸ், போட்டோ அனுப்பினா பதில் சொல்லாம, "எத்தனை இலக்கம் இருக்கு, எண்ணிச் சொல்லு"ன்னு ஏன் கேக்கறீங்க?

ஒரு தடவை கேட்காமல் விட்டுத் தப்பான விடை சொல்லிவிட்டேன். குடியாத்தத்துப் பெண் ஒருத்தி அனுப்பிய தாள் அது. மேலே "கீழ்க்காணும் 8 பிட் எண்கள் 2-ன் நிரப்பு முறையில் உள்ளன, பதின்ம எண்ணாக மாற்றுக" என்று இருந்தது. மூன்றாவது எண் என் திரையில் `1010010` என்று தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழு இலக்கம். முன்னால் ஒரு 0 விட்டுப்போயிருக்கும் என்று நானாகவே சேர்த்து `01010010` என்று வாசித்தேன். விடை 82 என்று அனுப்பினேன்.

மறுநாள் அவள் சரியான விடை -46 என்றாள். பரீட்சை அட்டையின் கிளிப் தாளின் இடது ஓரத்தை மறைத்திருக்கிறது. அதன் அடியில் இருந்த இலக்கம் 1. உண்மையான எண் `11010010`.

2-ன் நிரப்பு முறையில் இடது கோடி பிட்தான் குறியைச் சொல்கிறது. அங்கே 1 இருந்தால் எண் எதிர்மம். போட்டோவில் முதலில் வெட்டுப்படுவதோ அந்த இடது கோடிதான். சாதாரணப் பைனரி எண்ணுக்கு முன்னால் எத்தனை 0 சேர்த்தாலும் மதிப்பு மாறாது என்று படித்த பழக்கத்தில் கை தானாகவே 0 போட்டுவிடுகிறது. இங்கே அந்த ஒரு 0, -46-ஐ 82 ஆக்கிவிட்டது. அதனால்தான் முதலில் இலக்கங்களை எண்ணச் சொல்கிறேன். 8 பிட் என்று தாள் சொல்லி, கண்ணுக்கு ஏழுதான் தெரிகிறது என்றால், விடையை விட்டுவிட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள்.

வலது ஓரம் வெட்டுப்பட்டாலும் இதே ஆபத்துதான். `11010010`-இல் கடைசி 0 மறைந்து `1101001` என்று தெரிந்து, அதை ஏழு பிட் எண்ணாக வாசித்தால் -23 வரும், சரிபாதி.

எண்ணுக்குக் கீழே இருக்கிற சின்ன எண் மங்கிப்போச்சு. 2-ஆ, 8-ஆ, 16-ஆன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எண்ணுக்குள் இருக்கும் இலக்கங்களைப் பாருங்கள். ஆக்டலில் 0 முதல் 7 வரைதான் உண்டு. எங்காவது 8 அல்லது 9 தென்பட்டால் அது ஆக்டல் இல்லை. A முதல் F வரை ஏதாவது ஒன்று இருந்தால் ஹெக்ஸ்தான். `729` பைனரியும் இல்லை, ஆக்டலும் இல்லை. பதின்மமாகவோ ஹெக்ஸாகவோ இருக்கலாம்.

0, 1 மட்டுமே இருக்கும் எண்தான் சிக்கல். `110` என்பதைப் பைனரியாக எடுத்தால் 6, ஆக்டலாக எடுத்தால் 72, ஹெக்ஸாக எடுத்தால் 272. இங்கே கேள்வியின் வாசகம் கை கொடுக்கும். "பைனரியாக மாற்றுக" என்று கேட்டிருந்தால் கொடுத்த எண் பைனரியாக இருக்காது. சின்ன எண் மங்கியிருந்தாலும் அது எத்தனை இலக்க அகலம் என்பது தெரியும். ஒற்றைப் புள்ளி போலத் தெரிந்தால் 2 அல்லது 8, இரட்டையாகத் தெரிந்தால் 10 அல்லது 16. அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஊகிக்க வேண்டாம், தாள் வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

கையால எழுதின தாள்ல 6-ம் b-யும் ஒண்ணு மாதிரியே இருக்கே?

8-உம் B-யும், 0-உம் D-யும் கூட அப்படித்தான். அதே தாளில் சந்தேகமில்லாத ஒரு 8-ஐத் தேடி, அதை எழுதினவர் எப்படிச் சுழித்திருக்கிறார் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். B-க்கு இடது பக்கம் நேர்கோடு இருக்கும், 8-க்கு இருக்காது. எண் ஆக்டல் என்று உறுதியாகத் தெரிந்து, ஒரு இலக்கம் 8 போலத் தெரிந்தால் அது 3 அல்லது 6 அல்லது 0-வாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதும்போது ஹெக்ஸ் எழுத்துகளைப் பெரிய எழுத்தாகவே எழுதுங்கள், அந்த b குழப்பம் அடுத்தவருக்கு வராது.

46-ஐ ஹெக்ஸ்ல எழுதினா 2E வருதுன்னு சொல்றாங்க. எண்ணுக்குள்ள எழுத்து எப்படி வருது?

வீட்டில் வயதான தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் 46 அணா எவ்வளவு என்று கேளுங்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 46 அணா என்றால் 2 ரூபாய் 14 அணா. 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய் ஆகிவிடும், அதனால் அணாப் பக்கத்தில் 0 முதல் 15 வரைதான் நிற்கும். ஹெக்ஸ் கணக்கும் அதேதான். ரூபாய் இடத்தில் 2, அணா இடத்தில் 14.

ஆனால் ஒரு இடத்தில் ஒரே ஒரு குறிதான் நிற்கலாம் என்பது எண் முறையின் விதி. 2-க்குப் பக்கத்தில் 14 என்று எழுதினால் `214` ஆகி, வேறு எண்ணாகிவிடும். அதற்காகத்தான் 10-க்கு A, 11-க்கு B, 12-க்கு C, 13-க்கு D, 14-க்கு E, 15-க்கு F என்று ஒற்றைக் குறி கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 46 என்பது `2E`. இப்படியே 210 அணா 13 ரூபாய் 2 அணா, அதாவது `D2`. இந்த `D2` கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

11010010-ஐ ஆக்டலுக்கு மாத்தினேன், எனக்கு 642 வந்தது. விடைத்தாள்ல 322-ன்னு இருக்கு. எங்க தப்பு?

இடமிருந்து மூன்று மூன்றாகப் பிரித்திருக்கிறீர்கள்: `110 100 10`. வலமிருந்து பிரிக்க வேண்டும்.

```
ஆக்டல்:   11 010 010   ->  3 2 2
ஹெக்ஸ்:    1101 0010   ->  D 2
```

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இடமதிப்பு வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு ஆக்டல் இலக்கம் மூன்று பைனரி இடங்களை மொத்தமாக அள்ளிக்கொள்கிறது, ஒரு ஹெக்ஸ் இலக்கம் நான்கை. அள்ளுவதை வலக்கோடியில் தொடங்காவிட்டால் எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். மிச்சம் ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால் அது இடக்கோடியில் இருக்கட்டும்.

ஆக்டலிலிருந்து ஹெக்ஸுக்கு நேரடியாகத் தாவப் பார்க்காதீர்கள். பைனரியாக விரித்து, வலமிருந்து நான்கு நான்காகத் திரும்பக் கட்டுங்கள்.

புள்ளி வச்ச எண்ணா இருந்தா?

புள்ளியிலிருந்து இரு பக்கமும் விலகிப் பிரிக்க வேண்டும். `1011.1`-இல் புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு 1-தான் இருக்கிறது. அதன் வலப்பக்கத்தில் 0 சேர்த்து `1000` ஆக்கினால் ஹெக்ஸில் `B.8`, `100` ஆக்கினால் ஆக்டலில் `13.4`. இரண்டுமே 11.5. போட்டோவில் தூசியும் புள்ளியாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

-46-ஐ 2-ன் நிரப்பு முறையில எழுதச் சொல்லியிருக்காங்க. முதல்லேர்ந்து செஞ்சு காட்டுங்க.

முதலில் தாளில் அது உண்மையிலேயே மைனஸ் 46-தானா என்று பாருங்கள். கேள்வி எண்ணுக்குப் பிறகு போடுகிற சிறு கோடும், கோடு போட்ட நோட்டின் வரியும் போட்டோவில் மைனஸ் போலவே தெரியும். "5 - 46" என்று இருந்தால் அது ஐந்தாவது கேள்வி, எண் 46.

மைனஸ்தான் என்றால் மைனஸை ஒதுக்கி வைத்துவிட்டு 46-ஐப் பைனரியாக்குங்கள். 32 + 8 + 4 + 2 = 46, ஆகவே `101110`. இதில் ஆறு இலக்கம்தான் இருக்கிறது. அடுத்த படியைத்தான் நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள்: எத்தனை பிட் கேட்டிருக்கிறார்களோ அத்தனைக்கும் இப்போதே 0 நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு 0-வையும் 1 ஆகவும், 1-ஐ 0 ஆகவும் புரட்டி, கடைசியில் 1 கூட்ட வேண்டும்.

```
46            00101110
1-ன் நிரப்பு    11010001
1 கூட்டு       +       1
2-ன் நிரப்பு    11010010
```

0 நிரப்பாமல் ஆறு இலக்கத்தையே புரட்டினால் `010001`, 1 கூட்டினால் `010010`. அது 18. ஆறு பிட்டில் -32 முதல் 31 வரைதான் எழுத முடியும், -46-க்கு அங்கே இடமே இல்லை. எதிர்ம எண் எழுதப் போய் இடது கோடியில் 0 வந்து நின்றால், எங்கோ 0 நிரப்ப மறந்துவிட்டீர்கள், அல்லது அந்த எண் அத்தனை பிட்டுக்குள் அடங்காதது என்று பொருள்.

கை பழகின பிறகு இரண்டு படியையும் ஒன்றாகச் செய்யலாம். வலமிருந்து வாருங்கள். முதல் 1 வரும்வரை, அந்த 1-ஐயும் சேர்த்து, அப்படியே எழுதுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பதையெல்லாம் புரட்டுங்கள். `00101110`-இல் கடைசி `10` அப்படியே நிற்கும், முன்னால் உள்ள `001011` புரண்டு `110100` ஆகும். சேர்த்தால் அதே `11010010`. பரீட்சையில் படிகளுக்கு மதிப்பெண் உண்டென்றால் நீண்ட வழியிலேயே எழுதிவிட்டு, இந்த வழியை ஓரத்தில் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெக்ஸிலேயே செய்ய வேண்டுமென்றால், `FF`-லிருந்து `2E`-ஐக் கழித்தால் `D1`, 1 கூட்டினால் `D2`. முன்பு அணாக் கணக்கில் வந்த 210-தான் அது. 256 - 46 = 210.

எல்லாத்தையும் புரட்டுறது புரியுது. கடைசியில அந்த 1-ஐ ஏன் கூட்டணும்?

பழைய ஈ.பி. மீட்டரில் எண் சக்கரங்கள் சுற்றும், பார்த்திருப்பீர்கள். மூன்றே சக்கரம் உள்ள மீட்டர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 999-க்கு அடுத்து 1000 காட்ட இடமில்லை, 000-க்குத் திரும்பிவிடும். அப்படியானால் 000-லிருந்து ஒன்று பின்னால் சுற்றினால் 999. 46 பின்னால் சுற்றினால் 954. அந்த மீட்டரில் -46-ஐக் குறிக்க 954 போதும், ஏனென்றால் 954-உடன் 46 கூட்டினால் சக்கரம் 000-க்கு வந்துவிடும்.

எட்டு பிட் என்பது எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றிலும் 0, 1 மட்டும். ஒரு எண்ணையும் அதைப் புரட்டியதையும் கூட்டினால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு 0-உம் ஒரு 1-உம் சேர்ந்து `11111111` வரும். மீட்டரின் 999 போல, அது சுழிக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. இன்னும் ஒன்று கூட்டினால்தான் சுழி. அந்த ஒன்றைத்தான் புரட்டியதோடு முன்கூட்டியே சேர்த்து வைக்கிறோம்.

```
  00101110
+ 11010010
----------
1 00000000
```

ஒன்பதாவது இடத்தில் வந்த 1-க்குச் சக்கரம் இல்லை, அது விழுந்துவிடும். இதனால்தான் கழிப்பதற்குத் தனிச் சுற்று இல்லாமல், கூட்டுகிற சுற்றை வைத்தே கணினியால் கழிக்க முடிகிறது.

-46-ஐ ஆக்டல்ல எழுதச் சொன்னாங்க. எதிர்ம எண் ஆச்சேன்னு முன்னால 1 சேர்த்தேன், 722 வந்தது. இது தப்பா?

8 பிட் என்று கேட்டிருந்தால் தப்பு. விடை `322`. ஆனால் நீங்கள் யோசித்ததில் ஒரு உண்மை இருக்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

எட்டு, மூன்றால் வகுபடாது. `11 010 010` என்று பிரிக்கும்போது இடது கோடியில் இரண்டு பிட்தான் இருக்கிறது. மூன்றாவது இடம் காலி. அந்த எண்ணில் அப்படி ஒரு பிட்டே கிடையாது. கட்டு முழுமையாக வேண்டும் என்பதற்காக அங்கே 0 வைத்து `011` என்று வாசிக்கிறோம், 3 வருகிறது. நீங்கள் 1 வைத்து `111` என்று வாசித்தீர்கள், 7 வந்தது. அப்படி வைத்தவுடன் எண்ணுக்கு ஒன்பது பிட் ஆகிவிட்டது. ஒன்பது பிட் -46-க்கு `722` முற்றிலும் சரியான விடை. எதிர்ம எண்ணை அகலமாக்கும்போது இடப்பக்கம் 1-களை நிரப்ப வேண்டும் என்பதும் சரியான விதிதான். ஆனால் கேள்வி அகலமாக்கச் சொல்லவில்லை, இருக்கிற எட்டு பிட்டை வேறு குறியில் எழுதத்தான் சொன்னது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எட்டு பிட் எண்ணை ஆக்டலில் எழுதினால் முதல் இலக்கம் 3-ஐத் தாண்டவே முடியாது, ஏனென்றால் அங்கே இரண்டு பிட்தான். `000`-லிருந்து `377` வரைதான் எல்லை. முதல் இலக்கம் 0 அல்லது 1 என்றால் எண் நேர்மம், 2 அல்லது 3 என்றால் எதிர்மம். 4-உம் அதற்கு மேலும் வந்தால் கணக்கில் ஒரு பிட் கூடுதலாக நுழைந்துவிட்டது. ஹெக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. எட்டு, நான்கால் வகுபடும். முதல் இலக்கம் 8 முதல் F வரை இருந்தால் எதிர்மம்.

திரும்பி வரும்போதும் இதே இடத்தில் கால் இடறும். `322`-ஐ விரித்தால் `011 010 010`, ஒன்பது இலக்கம். முதல் 0 நாம் வைத்தது, அதை எடுத்துவிட்டால் `11010010`. எடுக்காமல் விட்டு "இடது கோடியில் 0 இருக்கிறது, நேர்ம எண்" என்று முடிவு செய்தால் +210 என்று விடை வரும். இந்தப் பாடத்தில் என் பிள்ளைகள் அதிகமாக மதிப்பெண் விடுவது இந்த ஒரு 0-வில்தான்.

இந்த இடறலுக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறும் இருக்கிறது. 1965-இல் வந்த பி.டி.பி.-8 கணினியின் சொல் நீளம் 12 பிட். அது நான்கு ஆக்டல் இலக்கத்தில் மீதியில்லாமல் அடங்கும். அங்கே -46 என்பது `7722`, குழப்பமே இல்லை. 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 வரிசை எட்டு பிட் பைட்டை அடிப்படையாக எடுத்தது. எட்டு பிட்டுக்கு இரண்டு ஹெக்ஸ் இலக்கம் கச்சிதமாகப் பொருந்தும். பைட் நிலைத்ததும் ஆக்டல் ஒதுங்கிப்போனது அப்படித்தான். இன்று ஆக்டலை நீங்கள் நேரில் பார்ப்பது லினக்ஸில் `chmod 755` என்று கொடுக்கும்போது. அங்கே படிக்க, எழுத, இயக்க என்று மூன்று மூன்று அனுமதிகள் இருப்பதால் மூன்று பிட் கட்டு பொருந்திவிடுகிறது.

D2-ன்னு மட்டும் கொடுத்திருக்காங்க. அது 210-ஆ, -46-ஆ?

இரண்டுமேதான். அந்த எட்டு பிட்டுக்குள் குறி பற்றிய தகவல் தனியாக எதுவும் இல்லை; வாசிக்கிறவர் எந்த முறையில் வாசிக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. "2-ன் நிரப்பு" அல்லது "குறியுடன்" என்ற சொல் தாளில் இருந்தால் -46. அந்த வரி பெரும்பாலும் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு தடவைதான் இருக்கும். கணக்கை மட்டும் நெருங்கிப் போட்டோ எடுத்தால் அது போய்விடும். தலைப்பு வரியையும் சேர்த்து எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வாசிக்க நல்ல வழி: இடது கோடி பிட்டுக்கு மட்டும் மைனஸ் மதிப்பு கொடுங்கள். -128 + 64 + 16 + 2 = -46. திரும்பப் புரட்டி 1 கூட்ட வேண்டியதில்லை.

தாள்ல எத்தனை பிட்டுன்னே சொல்லலையே?

8 பிட் என்று எடுத்துக்கொண்டு, விடைக்கு முன்னால் அதை ஒரு வரி எழுதிவிடுங்கள். எண் -128-க்குக் கீழே போனால், உதாரணமாக -200 என்றால், எட்டில் அடங்காது. 16 பிட் எடுங்கள்.

-128-ஐ எழுதிப் பார்த்தேன், புரட்டி 1 கூட்டினா அதே எண் திரும்ப வருது. தப்பா செஞ்சேனா?

சரியாகத்தான் செய்தீர்கள். 128 என்பது `10000000`, புரட்டினால் `01111111`, 1 கூட்டினால் மறுபடியும் `10000000`. எட்டு பிட்டில் +128 கிடையாது, நேர்மப் பக்கம் 127-உடன் முடிந்துவிடுகிறது. சுழியும் இடது கோடியில் 0 உள்ள 128 எண்களில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வதால், எதிர்மப் பக்கம் ஓர் எண் கூடுதல்.

கம்ப்யூட்டர் கால்குலேட்டர்ல -46 போட்டா FFFFFFFFFFFFFFD2-ன்னு நீளமா வருது. D2 தானே வரணும்?

விண்டோஸ் கால்குலேட்டரின் `Programmer` முறையில் அகலம் `QWORD` என்று இருக்கும், அதாவது 64 பிட். எதிர்ம எண்ணை அகலமாக்கினால் இடப்பக்கம் 1-கள் நிரம்பும் என்றோமே, நான்கு நான்கு 1-களும் ஒரு F. பதினான்கு F, கடைசியில் உங்கள் `D2`. அந்த `QWORD` என்ற சொல்லையே `BYTE` வரும்வரை அழுத்துங்கள், `D2` மட்டும் நிற்கும்.

பைத்தான்ல bin(-46) கொடுத்தா மைனஸ் போட்டு -0b101110-ன்னு காட்டுது. 2-ன் நிரப்பு வரலையே?

பைத்தானில் முழு எண்ணுக்குக் குறிப்பிட்ட பிட் அகலம் இல்லை, அதனால் எத்தனை பிட்டில் நிரப்பு எழுதுவது என்று அதற்குத் தெரியாது. மைனஸையும் 46-ஐயும் தனித்தனியாகக் காட்டிவிடுகிறது. எட்டு பிட் என்று நாம்தான் சொல்ல வேண்டும்:

```
n = -46 & 0xFF
print(format(n, '08b'))
print(format(n, '03o'))
print(format(n, '02X'))
```

`11010010`, `322`, `D2` என்று மூன்று வரி வரும்.

உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி விடை சரியான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 2, 8, 10, 16 நான்குமே இரட்டை எண்கள். அதனால் எந்த முறையில் எழுதினாலும் ஒற்றை எண் ஒற்றையில்தான் முடியும், இரட்டை எண் இரட்டையில்தான் முடியும். 46 இரட்டை; `11010010`, `322`, `D2` எல்லாமே இரட்டையில் முடிகின்றன. ஒன்றில் மட்டும் மாறி வந்தால் அங்கே தப்பு நிச்சயம். ஹெக்ஸ் இலக்கம் A, C, E இரட்டை. B, D, F ஒற்றை.

இது தப்பைக் காட்டிக்கொடுக்குமே தவிர, சரி என்று உறுதி சொல்லாது. மேலே பார்த்த `642`, `722` இரண்டுமே இந்தச் சோதனையில் தேறிவிடும். அவற்றைப் பிடிப்பது முதல் இலக்கம் 3-ஐத் தாண்டக்கூடாது என்ற சோதனை. எதிர்ம எண் என்றால் கடைசியாக 46-உடன் கூட்டி, எட்டு இடமும் 0 ஆகிறதா என்று பாருங்கள். அதில் தேறினால் அந்த எட்டு பிட்டும் சரி.

அப்போ போட்டோ எப்படி எடுத்தா நல்லா இருக்கும்?

தாளைத் தரையில் அல்லது மேசையில் விரித்து, கிளிப்பை எடுத்துவிட்டு, நான்கு ஓரமும் தெரிய நேர் மேலிருந்து எடுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றால் உங்கள் தலை நிழல் தாளில் விழும், ஓரமாக நகர்ந்துகொள்ளுங்கள். பின்பக்கத்து மை ஊடுருவித் தெரிந்தால் அடியில் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, சின்ன எண்கள்தான் முதலில் மங்கும். ஆவணமாக, அதாவது `Document` வழியாக அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும். கூடவே ஒரு வரி தட்டச்சு செய்துவிடுங்கள்: "மூன்றாவது கணக்கு, 8 இலக்கம், 1-இல் தொடங்குகிறது." அந்த வரி இருந்தால் நான் திருப்பிக் கேட்க மாட்டேன்.